அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ்: மாற்று வழி முந்திக்கொள்ளும் தவறு

நேரடி இணைப்பு 0, ஸ்டாட்டிக் 1, ஈஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. சிஸ்கோ ரவுட்டரின் இந்த அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் அட்டவணையைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுகிறார்கள். சிறிய எண்ணுக்கே முன்னுரிமை என்பதும் தெரியும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை எப்போது பார்க்கும், எப்போது பார்க்கவே பார்க்காது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். எண்களை மாற்றிச் சொல்வது போன்ற பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தானே சரியாகிவிடும்.

மெட்ரிக்கோடு குழப்பிக்கொள்வது

ரவுட்டிங் டேபிளில் வரும் `[110/20]` என்பதில் முதல் எண் டிஸ்டன்ஸ், இரண்டாவது மெட்ரிக். ஓஎஸ்பிஎஃப்பின் 20-ஐயும் ரிப்பின் 2-ஐயும் ரவுட்டர் ஒப்பிடுவதே இல்லை.

மாஸ்க்கைப் பார்க்காமல் டிஸ்டன்ஸைக் கூட்டிக்கொண்டே போவது

திரும்பத் திரும்பப் பார்த்தும் எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இது. ஒரு கிளைக்கு வேகமான முதன்மை லைன் இருக்கிறது. அதில் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது. பக்கத்தில் மெதுவான மாற்று லைன். முதன்மை லைன் விழுந்தால் மட்டும் பயன்பட வேண்டும் என்று, ஓஎஸ்பிஎஃப்பின் 110-ஐவிடப் பெரிய டிஸ்டன்ஸ் கொடுத்து ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுதுகிறார்கள்:

```
ip route 10.20.5.0 255.255.255.0 192.168.2.2 200
```

எழுதிய நாளில் இது சரிதான். ஓஎஸ்பிஎஃப்பும் அதே 10.20.5.0/24-ஐச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே நெட்வொர்க், ஒரே மாஸ்க். 110-க்கும் 200-க்கும் போட்டி. ஸ்டாட்டிக் ஒதுங்கி நின்றது.

அப்புறம் ஒரு நாள், ஏரியாக்களின் எல்லையில் உள்ள இன்னொரு ரவுட்டரில் யாரோ `area 1 range 10.20.0.0 255.255.0.0` என்று போட்டு, கிளையின் நெட்வொர்க்குகளை ஒரே ரூட்டாகச் சுருக்குகிறார்கள். நம் ரவுட்டரை யாரும் தொடவில்லை. ஆனாலும் அதன் டேபிள் இப்படி ஆகிவிடுகிறது:

```
O IA  10.20.0.0/16 [110/20] via 192.168.1.2
S     10.20.5.0/24 [200/0] via 192.168.2.2
```

இரண்டு ரூட்டும் ஒரே நேரத்தில் டேபிளில் இருக்கின்றன. மாஸ்க் வேறு என்பதால் ரவுட்டருக்கு இவை இரண்டு தனித்தனி ரூட்டுகள். டிஸ்டன்ஸ் பார்ப்பது, ஒரே ரூட்டைப் பல வழிகளில் கேள்விப்பட்டால் எதை டேபிளில் ஏற்றுவது என்று முடிவெடுக்க மட்டும்தான். பாக்கெட் வந்து நிற்கும்போது பார்ப்பது நீளமான மாஸ்க்கை. 10.20.5.7-க்குப் போகும் பாக்கெட்டுக்கு /24 பொருந்துவதால், முதன்மை லைன் நன்றாக இருக்கும்போதே எல்லாம் மெதுவான லைனில் போகிறது. பிங் போகிறது, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. "அந்த ஒரு நெட்வொர்க் மட்டும் ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்ற புகார்தான் வருகிறது. திரும்பி வரும் பாக்கெட்டுகள் முதன்மை லைனில் வந்து, நடுவில் ஃபயர்வாலும் இருந்தால், இணைப்பே அறுந்து போகவும் கூடும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் செலவு வைக்கிறது. "200 போதவில்லை போல" என்று 250 ஆக்குகிறார்கள். மாற்றமில்லை. 254, மாற்றமில்லை. கடைசியில் 255. உடனே ஸ்டாட்டிக் மறைகிறது, வேகம் திரும்புகிறது, புகாரை முடித்து வைக்கிறார்கள். 255 என்றால் அந்த ரூட்டை எந்த நிலையிலும் டேபிளில் ஏற்றாதே என்று பொருள். நான் பார்த்த ஓர் இடத்தில் அதைச் செய்தவர் சரிசெய்துவிட்டதாகவே நம்பினார். முதன்மை லைன் விழுந்தபோது கிளை முழுவதும் இருண்டது. மாற்று லைன் சும்மா கிடந்தது.

செய்ய வேண்டியது மாஸ்க்கைப் பொருத்துவது:

```
no ip route 10.20.5.0 255.255.255.0 192.168.2.2
ip route 10.20.0.0 255.255.0.0 192.168.2.2 200
```

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: /16 முழுவதையும் மாற்று லைனில் அனுப்பலாமா? முடியாது என்றால், எல்லை ரவுட்டரைப் பார்ப்பவரிடம் பேசி அந்தச் சுருக்கத்தை எடுக்க வைக்க வேண்டும். மாற்றியதும் `show ip route 10.20.5.7` கொடுத்தால் `Known via "ospf 1", distance 110` என்று வர வேண்டும் (1 என்பது உங்கள் ஓஎஸ்பிஎஃப் ப்ராசஸ் எண்). பிறகு, வேலை நேரம் முடிந்ததும் முதன்மை இன்டர்ஃபேஸை `shutdown` செய்து, `S 10.20.0.0/16 [200/0]` டேபிளில் ஏறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். இந்தச் சோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பக்கத்து ரவுட்டருக்கும் டிஸ்டன்ஸ் போகும் என்று நினைப்பது

போகாது. நீங்கள் போட்ட 200 அந்த ஒரு ரவுட்டருக்குள் மட்டும்தான்.

எல்லா நிறுவனப் பெட்டிகளிலும் இதே எண்கள்தான் என்று நம்புவது

ஜூனிபரில் ஸ்டாட்டிக் 5, ஓஎஸ்பிஎஃப் உள் ரூட் 10, பிஜிபி 170. அங்கே சிஸ்கோ பழக்கத்தில் 200 போட்டால் ஓஎஸ்பிஎஃப்புக்குப் பின்னால் நிற்கும், சரி. ஆனால் பிஜிபிக்கும் பின்னால் போய்விடும்.