எக்ஸ்-விங், ஸ்வோர்ட்ஃபிஷ்: செவ்வகத்தைப் பார்த்ததும் அழித்தால் எங்கே தவறும்?

சுடோக்குவில் குறிகளை அழிக்க உதவும் எக்ஸ்-விங் உத்தியைப் பலரும் ஒரு வடிவமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். நாலு மூலையிலும் ஒரே எண் பென்சில் குறியாக இருந்தால் போதும், மூலைவிட்டமாக இரண்டு நிரம்பும், மற்றதையெல்லாம் அழித்துவிடலாம் என்று. இந்த நினைவு பாதி சரி. மீதிப் பாதியால்தான் புதிர் முடியப் போகிற நேரத்தில் ஒரே வரிசையில் இரண்டு 7 வந்து நிற்கிறது. இதையே மூன்று வரிசைகளில் செய்யும் ஸ்வோர்ட்ஃபிஷ்ஷுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே நினைவில் வைத்துக்கொள்ள ஒரு நிலையான வடிவமே கிடையாது.

இங்கே குறுக்கே போவது வரிசை, மேலிருந்து கீழே போவது பத்தி, 3×3 பகுதி பெட்டி. (2,4) என்றால் 2-ஆம் வரிசை, 4-ஆம் பத்தி. கீழே இருப்பது ஒரு புதிரில் 7 என்ற எண்ணின் நிலவரம் மட்டும். `7` என்பது ஏற்கெனவே நிரப்பியது, `o` என்பது 7 இன்னும் வரக்கூடிய கட்டம்.

```
     1 2 3   4 5 6   7 8 9
1    . . . | . o . | . o o
2    . . . | o . . | . o .
3    7 . . | . . . | . . .
4    . 7 . | . . . | . . .
5    . . . | o . o | o . .
6    . . . | o . . | . o .
7    . . . | . o o | o o .
8    . . 7 | . . . | . . .
9    . . . | o o o | . . o
```

2-ஆம் வரிசையில் 7 வர இரண்டே இடம்: 4-ஆம் பத்தி, 8-ஆம் பத்தி. 6-ஆம் வரிசையிலும் அதே இரண்டு பத்திகள்தான். இரண்டு வரிசைக்கும் ஆளுக்கொரு 7 கட்டாயம் வேண்டும். ஒரு பத்தி ஒரு 7-ஐத்தான் தாங்கும் என்பதால் இரண்டு 7-உம் ஒரே பத்தியில் உட்கார முடியாது. ஆக, 4-ஆம் பத்தியின் 7-உம் 8-ஆம் பத்தியின் 7-உம் இந்த இரண்டு வரிசைகளிலிருந்தே வந்தாக வேண்டும். எது எங்கே என்பது நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்தப் பத்திகளில் வேறு எந்த வரிசைக்கும் 7 மிச்சமில்லை. எனவே (5,4), (9,4), (1,8), (7,8) ஆகிய நாலிலிருந்தும் 7-ஐ அழிக்கலாம்.

வாதம் முழுவதும் ஒரு எண்ணிக்கைதான்: இரண்டு வரிசை, இரண்டு 7, இரண்டு பத்தி. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கையில் ஏதாவது ஒன்றைச் சரிபார்க்காமல் விடுவதால் வருபவை.

செவ்வகம் இருக்கிறது, எக்ஸ்-விங் இல்லை

அதே படத்தில் 1-ஆம் வரிசையையும் 7-ஆம் வரிசையையும் பாருங்கள். (1,5), (1,8), (7,5), (7,8) நாலிலும் 7 வரலாம். அழகான செவ்வகம். ஆனால் 1-ஆம் வரிசைக்கு 9-ஆம் பத்தியிலும் இடம் இருக்கிறது. 7-ஆம் வரிசைக்கு 6, 7 பத்திகளிலும் இருக்கிறது. இந்த வரிசைகளின் 7 செவ்வகத்துக்குள் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் வாதமும் இல்லை.

இதை எக்ஸ்-விங் என்று நம்பி அழித்தால் என்ன ஆகும்? 5-ஆம் பத்தியில் (9,5) போகும். 8-ஆம் பத்தியில் (2,8), (6,8) இரண்டும் போகும். அப்படிப் போனால் 2-ஆம் வரிசைக்கும் 6-ஆம் வரிசைக்கும் மிஞ்சுவது 4-ஆம் பத்தி மட்டுமே. ஒரே பத்தியில் இரண்டு 7. இந்தப் படத்தில் தவறு உடனே பிடிபடுகிறது. நிஜப் புதிரில் இது பத்துப் பதினைந்து கட்டம் தாண்டித்தான் தெரியவரும். அதற்குள் எந்த இடத்தில் பிசகினோம் என்று தேடவே முடியாது.

அதனால் பார்வையை மூலைகளில் தொடங்காதீர்கள். ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அது இரண்டே இடத்தில் வரக்கூடிய வரிசைகளை மட்டும் பொறுக்குங்கள். நம் படத்தில் அப்படி இருப்பவை 2-உம் 6-உம் மட்டுமே. பொறுக்கியவற்றில் பத்தி எண்கள் பொருந்துகிறதா என்று அடுத்துப் பாருங்கள். செவ்வகம் தானாக அமையும்.

அமைந்த நாலு மூலையும் ஒரே பெட்டிக்குள் விழுந்தால் மகிழ வேண்டாம். இரண்டு வரிசைகளும் தங்கள் 7-ஐ அந்த ஒரே பெட்டிக்குள் கேட்கின்றன என்று அர்த்தம். பெட்டியோ ஒன்றுதான் தரும். எங்கோ ஏற்கெனவே தப்பு நடந்திருக்கிறது.

எந்தப் பக்கம் அழிப்பது

வரிசையில் கட்டாயம் கண்டால் பத்தியில் அழிக்க வேண்டும். பத்தியில் கட்டாயம் கண்டால் வரிசையில். இதை மனப்பாடம் செய்து குழம்புவதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் அடிப்படையாக எடுத்த வரிசைக்குள்ளேயே அழிக்க ஏதோ கிடைக்கிறது என்றால் அந்த வரிசை அடிப்படையாக இருக்கத் தகுதியில்லை. இரண்டே இடம் உள்ள வரிசையில் மூன்றாவதாக அழிக்க என்ன இருக்கும்?

இன்னொரு குழப்பம் ஜோடி விதியோடு கலப்பதால் வருவது. மறைந்த ஜோடியில் இரண்டு எண்கள் இரண்டு கட்டங்களைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அந்தக் கட்டங்களின் மற்ற குறிகளை அழிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் எக்ஸ்-விங்கின் மூலைக் கட்டங்களிலும் ரப்பர் வைப்பவர்கள் உண்டு. (2,4)-இல் 3, 5, 7 என்று குறி இருந்தால் 3, 5 இரண்டையும் தொடக்கூடாது. (2,4), (2,8) இரண்டில் ஒன்றுதான் 7. மற்றது வேறு எண்ணாகத்தான் முடியப் போகிறது.

விட்டுப்போன குறி, அழிக்காத குறி

இரண்டுமே கவனக்குறைவுதான், ஆனால் விளைவு ஒன்றல்ல. அழிக்க வேண்டிய குறியை அழிக்காமல் விட்டால் வரிசையில் மூன்று இடம் இருப்பதுபோல் தெரியும். எக்ஸ்-விங் கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான். எழுத வேண்டிய குறியை எழுதாமல் விட்டால் மூன்று இடம் உள்ள வரிசை இரண்டு இடம் உள்ளதாகத் தோன்றும். அதை நம்பி அழித்தால் சரியான விடையே அழிந்துபோகலாம்.

குறிப்பாக, ஒரு பெட்டிக்குள் ஒரு எண் இரண்டே இடத்தில் வந்தால் மட்டும் குறிக்கும் முறையில் விளையாடுபவர்கள் கவனிக்க வேண்டும். அந்த முறை வேகமானது, நல்லதும்கூட. ஆனால் ஒரு பெட்டியில் மூன்று இடம் இருந்தால் அங்கே குறியே இருக்காது. நம் படத்தின் 8-ஆவது பெட்டியில் (நடுக்கீழ்ப் பெட்டி) 7-க்கு ஐந்து இடம்; அந்த முறையில் அது வெறுமையாக நிற்கும். 9-ஆம் வரிசையில் ஒரு குறிகூட இல்லாமல் போகலாம். எக்ஸ்-விங் தேடும் முன் அந்த எண்ணுக்காவது குறிகளை முழுதாக எழுதிவிட வேண்டும். பிறகு, அடிப்படை வரிசையின் மற்ற ஏழு கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, ‘இங்கே 7 ஏன் வராது?’ என்று கேளுங்கள். கட்டம் நிரம்பியிருக்க வேண்டும், அல்லது அதன் பத்தியிலோ பெட்டியிலோ 7 இருக்க வேண்டும், அல்லது முன்பே வேறு விதியால் அழித்திருக்க வேண்டும். காரணம் சொல்ல முடியாத ஒரு கட்டம் இருந்தாலும் அழிக்காதீர்கள்.

ஸ்வோர்ட்ஃபிஷ்ஷில் ஒன்பது கட்டம் தேடுவது

எண்ணிக்கை மூன்றாகிறது: மூன்று வரிசை, மூன்று பத்தி. படங்களில் ஒன்பது கட்டமும் நிரம்பியதாகக் காட்டுவதால் மூன்று வரிசையிலும் மும்மூன்று இருக்க வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். தேவை அதுவல்ல. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டோ மூன்றோ இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்று பத்திகளைத் தாண்டக்கூடாது. இரண்டிரண்டாக அமைவதும் முழு ஸ்வோர்ட்ஃபிஷ்தான்.

4 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 1-ஆம் வரிசையில் அது வரக்கூடியது 2, 6 பத்திகளில். 4-ஆம் வரிசையில் 6, 9. 8-ஆம் வரிசையில் 2, 9. எந்த இரண்டு வரிசையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எக்ஸ்-விங் கண்ணுக்கு இங்கே ஒன்றுமே தெரியாது. ஆனால் சேர்த்தால் 2, 6, 9 என மூன்றே பத்திகள். இப்போது (6,2)-இல் 4-ஐ வைத்துப் பாருங்கள். 1-ஆம் வரிசை 6-ஆம் பத்திக்குத் தள்ளப்படும், 8-ஆம் வரிசை 9-ஆம் பத்திக்கு. 4-ஆம் வரிசைக்கு இருந்த இரண்டும் பறிபோய்விட்டன. எனவே (6,2)-இல் 4 வராது. 2, 6, 9 பத்திகளில் மற்ற வரிசைகளில் உள்ள எந்த 4-ஐ வைத்தாலும் இதே கதைதான்: மூன்று வரிசைக்கு இரண்டு பத்தி மட்டும் மிஞ்சும்.

8-ஆம் வரிசையில் (8,4)-இலும் 4 வரக்கூடும் என்றால்? நாலாவது பத்தி வந்துவிட்டது. (6,2)-இல் 4 வைத்தால் 8-ஆம் வரிசை (8,4)-க்குத் தப்பித்துக்கொள்ளும், 4-ஆம் வரிசை 9-ஆம் பத்தியை எடுத்துக்கொள்ளும், முரண்பாடு எதுவும் வராது. ‘ஒன்றுதானே கூடுதல்’ என்று அழித்தால் மாட்டிக்கொள்வோம். ஆனால் எல்லாம் வீணாகவும் இல்லை. (7,6)-இல் 4 வைத்தால், அது (8,4) இருக்கும் அதே பெட்டியில் இருப்பதால் அந்தத் தப்பிக்கும் வழியையும் அடைத்துவிடும். மறுபடி பழைய முரண்பாடு. ஆகவே 6-ஆம் பத்தியில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் (7,6), (9,6) இரண்டிலிருந்து மட்டும் 4-ஐ அழிக்கலாம். வேறெங்கும் கூடாது.

தேடத் தொடங்கும் முன் அந்த எண் இன்னும் எத்தனை வரிசைகளில் நிரப்பப்படாமல் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். மூன்று வரிசைதான் பாக்கி என்றால் எக்ஸ்-விங் தேட வேண்டாம். அது இருந்தால் மூன்றாவது பத்தியில் ஒரே இடம்தான் மிஞ்சும், நேரடியாகவே நிரப்பிவிடலாம். ஐந்து பாக்கி என்றால் வரிசைகளில் அமையும் ஸ்வோர்ட்ஃபிஷ், மிஞ்சும் இரண்டு பத்திகளில் எக்ஸ்-விங்காகவும் இருக்கும்; இரண்டும் அழிப்பது அதே கட்டங்களைத்தான். அந்த நேரத்தில் மூன்று வரிசைகளோடு மல்லுக்கட்டாமல் பத்திகளை இரண்டிரண்டாகப் பாருங்கள். ஸ்வோர்ட்ஃபிஷ் தேடியே ஆக வேண்டிய நிலை, ஆறோ அதற்கு மேலோ பாக்கி இருக்கும்போதுதான் வரும்.