பிணைச்சல் உள்ள பீமில் பெடியள் விடுகிற பிழைகள்

வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைகளில் படிக்க வருகிற பெடியளின் கொப்பியைத் திருத்தும்போது என் பழைய பிழைகளே திரும்ப வருகின்றன. அலகை மறப்பது, கூட்டலில் தவறுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். பிணைச்சல் உள்ள பீமில் விடுகிற பிழைகள் அப்படியல்ல.

வெட்ட முன்னரே சுமையை ஒன்றாக்குவது

12 மீற்றர் பீம். A இடது முனை, B 6 மீற்றரில், C வலது முனை; மூன்றும் தாங்கிகள். B-ஐத் தாண்டி 2 மீற்றரில், அதாவது 8 மீற்றரில், பிணைச்சல்; இரு துண்டும் அங்கே கதவுக் கீல் மாதிரிச் சுழலும், ஆகவே வளைவுத் திருப்பம் அங்கே பூச்சியம். முழு நீளத்துக்கும் மீற்றருக்கு 10 கிலோநியூட்டன் சுமை.

போன கிழமை ஒருவன் மொத்தச் சுமை 120-ஐ நடுவில், சரியாக B-இன் மேல் வைத்தான். அப்புறம் பிணைச்சலில் வெட்டினான். வலது துண்டில் சுமையே இல்லை, ஆகவே C-இல் மறுதாக்கம் பூச்சியம். A-யிலும் பூச்சியம், B-யில் 120.

"சேர், கூட்டினால் சரியா வருதே" என்றான். வரும்தான்! A பற்றித் திருப்பம் எடுத்தாலும் 720-க்கு 720 வரும். முதலாம் வருஷப் பரீட்சையில் நானும் இதைச் செய்து, இரண்டு தரம் சரிபார்த்து, நிம்மதியாக எழும்பிப் போனவன். இன்றும் அதை நினைத்தால் எரிச்சல்தான்.

முழு பீமுக்கும் சமநிலை எழுத 120-ஐ ஒன்றாக வைக்கலாம். வெட்டினால் அந்தந்தத் துண்டின் மேல் கிடக்கிற சுமை மட்டுமே அதற்குச் சொந்தம். வலது துண்டு 4 மீற்றர், சுமை 40. ஆக C-இல் 20, பிணைச்சல் தாங்குவது 20. இந்த 20 இடது துண்டின் நுனியில் கீழ்நோக்கி அமர்த்துகிறது. A பற்றி எடுத்தால்:

```
6B = 80×4 + 20×8 = 480
B = 80,  A = 100 − 80 = 20
```

B-க்கு மேல் வளைவுத் திருப்பம் 60, பீமின் மேல்பக்கம் இழுபடும். அவனுடைய விடையில் அதே இடத்தில் 180, மூன்று மடங்கு. பீம் முழுவதும் மேல்பக்கமே இழுபடுவதாக அவன் படம் சொல்லும். உண்மையில் A-இலிருந்து 4 மீற்றர் வரைக்கும், பிணைச்சலுக்கு வலப்பக்கமும், கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. இரண்டிலும் உச்சம் 20.

பிழையைக் காட்டிக்கொடுப்பது ஒரே ஒரு கணக்கு. கிடைத்த மறுதாக்கங்களைக் கொண்டு பிணைச்சலில் திருப்பம் எடுங்கள். வலப்பக்கத்திலிருந்து அவனுக்கு 0×4 − 40×2 = −80. பூச்சியம் வரவேண்டிய இடம் அது. சரியான விடையில் 20×4 − 40×2 = 0.

பிணைச்சலில் படத்தை முறிப்பது

திருப்பம் பூச்சியம் என்றதும் வளைவுத் திருப்பப் படத்தில் அங்கே கோட்டை ஒடித்து வரைகிறார்கள். அந்தக் கோட்டின் சாய்வுதான் ஷியர்; அது அங்கே 20, இரு பக்கமும் அதே 20. சாய்வு மாறாது, கோடு பூச்சியத்தை வழுக்கிக் கடந்து போகும்.

பிணைச்சலின் மேலேயே புள்ளிச் சுமை

இடது துண்டுக்கோ வலது துண்டுக்கோ கொடுங்கள். இரண்டுக்கும் வேண்டாம்.