காஸ்ட் கேப் போட்டதும் விளம்பரம் ஏன் ஓடாமல் நிற்கிறது? ஒரு கண்டாங்கிக் கடைக் கணக்கோடு

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே ஒரு பெட்டியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு ஆர்டருக்கு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதி வைக்கும் பெட்டி, காஸ்ட் கேப் என்பது இதுதான். அதில் ஆசைப்பட்ட தொகையைப் போட்டுவிட்டு, மறுநாள் பார்த்தால் 1,500 ரூபாய் பட்ஜெட்டில் 90 ரூபாய்கூடச் செலவாகியிருக்காது. அந்தப் பெட்டி என்ன செய்கிறது, எந்த எண்ணை அதில் போட வேண்டும் என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம்.

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை, சொந்த வெப்சைட்டில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை, உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பேப்பரில் கணக்கு

சேலை விலை 1,450. நெசவாளரிடம் எடுத்த விலை 880, பேக்கிங்கும் கூரியரும் 110, பேமென்ட் கட்டணம் 30. மிச்சம் 430 ரூபாய். கடைக்கு ஒரு சேலைக்குக் குறைந்தது 180 நிற்க வேண்டும் என்றால், விளம்பரத்துக்கு 250 வரை கொடுக்கலாம். இந்த 250தான் உங்கள் வரம்பு. COD தருகிறீர்கள் என்றால் இதைவிடக் கீழே வர வேண்டும், ஏனென்றால் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா ஆர்டர் விழுந்ததுமே எண்ணிவிடும், பார்சல் திரும்பி வந்தது அதற்குத் தெரியாது. பத்தில் இரண்டு திரும்புகிறது என்றால் 250 என்பது 200 ஆகிவிடும், திரும்பிய பார்சலின் கூரியர் செலவையும் சேர்த்தால் அதற்கும் கீழே. நம் கடையில் COD இல்லை, 250லேயே நிற்போம்.

அடுத்து, வரம்பே இல்லாமல் ஒரு வாரம்

விளம்பரம் காட்டும் இடத்துக்கு நடக்கும் ஏலத்தில் மெட்டா உங்களுக்காக எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்வதுதான் பிட் ஸ்ட்ராட்டஜி, அதை `Highest volume` என்றே விடுங்கள். லோயஸ்ட் காஸ்ட் என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். கொடுத்த பட்ஜெட்டை முழுக்கச் செலவழித்து, அதற்குள் கிடைக்கிற அளவு ஆர்டரை எடுத்துத் தருவது இதன் வேலை. ஒரு ஆர்டருக்கு எவ்வளவு ஆனாலும் இது நிற்காது. கேம்பெய்னின் குறிக்கோள் ஆர்டராக, அதாவது பர்ச்சேஸாக இருக்கட்டும்.

தினம் 1,500 ரூபாய்க்கு ஏழு ஆர்டர் வருகிறது, ஒன்றுக்குச் சுமார் 214 என்று வைப்போம். வாரத்துக்கு 49. கேம்பெய்னுக்குள் இருக்கும் விளம்பரத் தொகுப்பான ஆட் செட், யார் வாங்குவார் என்று கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்ட வாரத்துக்குச் சுமார் 50 ரிசல்ட், நமக்கு 50 ஆர்டர், வேண்டும் என்று மெட்டா சொல்கிறது, அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். இப்போது நம் கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன: கடை தாங்குவது 250, சந்தை கேட்பது 214. இரண்டாவது எண் தெரியாமல் வரம்பு போடுவதுதான் முக்கால்வாசிப் பேருக்கு விளம்பரம் நின்றுபோகக் காரணம்.

எப்போது வரம்பு உண்மையிலேயே தேவை?

சரி, நன்றாக ஓடுகிறதே என்று பட்ஜெட்டை 3,000 ஆக்குகிறீர்கள். ஆர்டர் 14 ஆகாது, 11 வரும் என்று வைப்போம். சராசரி 273. இதைப் பார்த்து, கொஞ்சம்தானே கூடியிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கூடுதலாகப் போட்ட 1,500 ரூபாய் தந்தது நான்கே ஆர்டர், அதாவது அந்த நான்கும் தலா 375. மிச்சமான 430ல் 375 போனால் 55 ரூபாய்தான் நிற்கிறது. சுலபமாக வாங்குபவர்களை முதலிலேயே எடுத்துவிட்டு, பட்ஜெட்டைத் தீர்ப்பதற்காக விலையுயர்ந்த ஏலங்களுக்குள் மெட்டா போயிருக்கிறது. வரம்பு இங்கேதான் வேலைக்கு ஆகும்.

`Cost per result goal` என்பது காஸ்ட் கேப். இதில் 250 போட்டால் சராசரியை அதற்குப் பக்கத்தில் வைத்திருக்கப் பார்க்கும். உத்தரவாதம் கிடையாது, சில நாள் தாண்டும். 130க்கு ஒரு ஆர்டர் கிடைத்தால் அந்த லாபத்தைக் கொண்டு 350க்கு இன்னொன்றை எடுக்கவும் செய்யும்.

`Bid cap` வேறு. இது ஒவ்வொரு ஏலத்திலும் நீங்கள் கேட்கும் அதிகபட்சத் தொகை. 250 போட்டால் அதற்கு மேல் எந்த ஏலத்திலும் கேட்காது, கொடுப்பது பெரும்பாலும் கேட்டதைவிடக் குறைவாகவே இருக்கும், அதனால் சராசரி 250க்கு நன்றாகக் கீழே வரும், ஆர்டரும் குறையும். காஸ்ட் கேப்பில் போட்ட அதே எண்ணை இதில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆரம்பிப்பவர்களுக்கு என் சிபாரிசு காஸ்ட் கேப் மட்டும்தான். பிட் கேப்பைத் தினமும் உட்கார்ந்து கவனிக்க ஆள் இருந்தால் பார்க்கலாம்.

வரம்பு எப்படிக் கழுத்தை நெரிக்கிறது

இப்போது கடைக்கார ஆச்சி, "தம்பி, 120க்கு மேல ஒரு ரூபாகூடப் போகக்கூடாது, அப்படியே போட்டுரு" என்கிறார். போட்டால் என்ன ஆகும்?

உங்கள் விளம்பரம் ஒருவர் கண்ணில் பட ஏலத்தில் ஜெயிக்க வேண்டும். ஏலத்தில் மெட்டா பார்ப்பது, தோராயமாக, உங்கள் பிட்டை அவர் வாங்கும் வாய்ப்பால் பெருக்கி, அதோடு விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்த மதிப்பு. ஆயிரம் பேர் பார்த்தால் ஒருவர் வாங்குவார் என்று அது மதிப்பிட்டால், 250 ரூபாய் பிட் என்பது ஒரு பார்வைக்கு 25 பைசா. 120 என்றால் 12 பைசா. அந்த ஆளிடம் காட்ட மற்றவர்கள் 20 பைசா கேட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் ஏலத்துக்கே வராத மாதிரிதான். வரம்பு வாங்குபவரை மலிவாக்காது, மலிவாகக் கிடைக்காதவரை விட்டுவிடும், அவ்வளவுதான்.

விளைவு, நாளைக்கு ஒரு ஆர்டர், அதுவும் 110க்கு. ரிப்போர்ட் அழகாக இருக்கும். ஆனால் கல்லாவைப் பாருங்கள்: வரம்பில்லாத நாளில் ஏழு சேலையில் 3,010 வந்து 1,500 போக 1,510 நின்றது. இப்போது 430ல் 110 போக 320. வாரத்துக்கு ஏழே ஆர்டர் என்பதால் யார் வாங்குவார் என்று மெட்டாவும் கற்றுக்கொள்ளாது, `Delivery` பத்தியில் `Learning limited` வந்து நிற்கும்.

வரம்பால் விளம்பரம் பட்டினி கிடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செலவு பட்ஜெட்டுக்குக் கீழே இருப்பது மட்டும் பட்டினி இல்லை. 3,000 பட்ஜெட்டில் 250 வரம்போடு 2,200 செலவாகி ஒன்பது ஆர்டர் வந்தால் வரம்பு தன் வேலையைச் செய்கிறது, தொடாதீர்கள். செலவு பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாமல், இம்ப்ரெஷன், அதாவது விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கை, சரிந்து, ஒரு நாள் 200 மறுநாள் 15 என்று தாவினால் அது பட்டினி. ஆனால் முதலில் விளம்பரம் நிராகரிக்கப்படவில்லை, பேமென்ட்டில் சிக்கல் இல்லை என்று `Delivery` பத்தியில் உறுதிசெய்துகொள்ளுங்கள், பழி சும்மா வரம்பின் மேல் விழக்கூடாது.

பட்டினி என்றால் வரம்பை நீங்கள் அளந்த சந்தை எண்ணுக்குக் கொஞ்சம் மேலே கொண்டு வாருங்கள், நம் கடைக்கு 230 மாதிரி. மூன்று நான்கு நாள் விட்டு, போதாவிட்டால் இன்னும் 10 சதவீதம் கூட்டுங்கள், ஆனால் 250ஐத் தாண்டாதீர்கள். தினமும் நோண்டினால், பெரிய மாற்றம் ஒவ்வொன்றும் கற்றலை முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும். 250லும் ஓடவில்லை என்றால் வரம்பை விட்டுவிட்டு வீடியோவை மாற்றுங்கள். சேலையின் கட்டத்தையும் கரையையும் கிட்டத்தில் காட்டி, கட்டிய பிறகு எப்படி இருக்கும் என்று காட்டும் வீடியோ வாங்கும் வாய்ப்பை ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இரண்டாக்கினால், அதே 250 ரூபாய் ஏலத்தில் 50 பைசாவாகி நிற்கும்.

அப்புறம் தீபாவளி. ஆடியில் அளந்த 214 ஐப்பசியில் செல்லாது, எல்லாத் துணிக்கடையும் அதே ஆட்களுக்காக ஏலம் கேட்கும், ஆடியில் நன்றாக ஓடிய 230 வரம்பு அப்போது சத்தமில்லாமல் நின்றுபோகும். புரட்டாசி கடைசியில் ஒரு தனி கேம்பெய்னை வரம்பில்லாமல் சின்ன பட்ஜெட்டில் ஓட்டிப் புது எண்ணை எடுங்கள். அது 290 என்று வந்தால், பண்டிகைக்கு இரண்டு சேலையாகச் சேர்த்து விற்கும் காம்போவுக்கு 300 வரம்பு தாங்குமா என்று பேப்பர் கணக்கை மறுபடி போடுங்கள். ஒற்றைச் சேலைக்கு 250தான் கடைசி. அதில் ஓடாவிட்டால் அந்த இரண்டு வாரம் ஒற்றைச் சேலை விளம்பரத்தை நிறுத்திவைக்கலாம்.