ஐம்பதாம் பிறந்தநாள் வாழ்த்துரை: ஐந்து படங்களை வைத்துப் பேசுபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பன் பக்கத்தில் ஐம்பதாம் பிறந்தநாள் என்றால் மண்டபம், பிரியாணி, ஒலிபெருக்கி, திரையில் பழைய படங்கள் என்று ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. நெருங்கிய நண்பர் ஒருவர் எழுந்து, பத்தாண்டுக்கு ஒன்றாக ஐந்து படங்களைக் காட்டிப் பேசி, முடிவில் எல்லோரையும் கிளாஸை உயர்த்தச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் பல மண்டபங்களில் மூன்றாவது படம் வருவதற்குள் பின்வரிசைக்காரர்கள் சமோசாத் தட்டைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். பேசுபவருக்குப் பேச வராததால் அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் படத் தேர்விலேயே கோளாறு நடந்துவிடுகிறது.

முதலில் செய்யும் தவறு, ஆல்பத்தில் பெரிதாக ஒட்டியிருக்கும் படங்களையே எடுப்பது: பள்ளிச் சீருடை, இருபத்தோராம் பிறந்தநாளில் கையில் வெள்ளி நிறச் சாவி, பட்டமளிப்பு அங்கி, தாலி கட்டும் நேரம், புது வீடு. இந்த ஐந்தும் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் வீட்டுச் சுவரிலும் தொங்குகின்றன. அந்தப் பெரிய சாவி தென்னாப்பிரிக்காவில் யார் கையில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அவற்றை வைத்துப் பேசினால் வாழ்க்கைக் குறிப்புதான் வரும், ஆள் வரமாட்டார்.

படங்களை வேறு விதமாகத் தேட வேண்டும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, நண்பர் ஒவ்வொன்றிலும் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். 1975-இல் பிறந்து சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1983 படம்: வீட்டு முற்றத்தில் பூஜை, ஓரத்தில் தன்னைவிடப் பெரிய நாற்காலியைத் தூக்கிவரும் எட்டு வயதுப் பையன், பாதி உடம்பு படத்துக்கு வெளியே. 1994 படம்: வாக்குச்சாவடி வரிசை, ஆயாவுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியோடு நிற்கிறார். 2004 படம்: பேசுபவரின் கல்யாணம், மாப்பிள்ளைக்குப் பின்னால் டை கட்டியபடி நாற்காலிகளை அடுக்குகிறார். 2010 படம்: உலகக் கோப்பைக் கால்பந்து, முற்றத்தில் தொலைக்காட்சி, எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நிற்கிறார். 2022 படம்: ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் லாரி வரிசை, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இந்த ஐந்தில் ஒன்றுகூட அழகான படமில்லை. ஆனால் மூன்றாவதிலேயே சபை சிரிக்கத் தொடங்கும், நான்காவதில் நாற்காலி எங்கே என்று தானாகத் தேடும், ஐந்தாவதில் நீங்கள் வாயைத் திறக்கவே தேவையிருக்காது. நாற்காலிக்குப் பதில் சமையல் கரண்டி வரலாம், கார் பானெட்டுக்குள் நுழைந்த தலை வரலாம், யாரோ ஒருவரின் குழந்தை வரலாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நண்பரின் அக்காவிடம் ஒரு மாலை உட்காருங்கள். ஆல்பத்தில் ஒட்டாமல் பிஸ்கட் டின்னில் போட்டுவைத்த படங்களில்தான் இவை இருக்கும்.

அடுத்தது, படத்தைவிட்டு வரலாற்றுக்குள் போய்விடுவது. 1994 படம் இருந்தால் இது கட்டாயம் நடக்கும். ஏப்ரல் 27, முதன்முதலாக எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தல், நீண்ட வரிசைகள் என்று தொடங்கி, இனவாரிக் குடியிருப்புச் சட்டம் நம் குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய கதைவரை ஓடிவிடும். மண்டபத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அது தெரியும், பலர் அதே வரிசையில் நின்றவர்கள். அவர்களுக்குத் தெரியாதது, அந்த மடக்கு நாற்காலி யாருடையது, ஆயா அதில் உட்கார மறுத்தாரா, பத்தொன்பது வயதுப் பையன் அதை எத்தனை மணிநேரம் சுமந்தான் என்பவைதான். ஆண்டைச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்லுங்கள், உடனே நாற்காலிக்கு வாருங்கள்.

திரையில் இருப்பதையே வாயாலும் சொல்வது இதற்குத் தம்பி. “இதோ பாருங்கள், நீலச் சட்டை, தலையில் எண்ணெய்” என்றால் சபை ஏற்கெனவே பார்த்துவிட்டது. படத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நடந்ததைத்தான் நீங்கள் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு, படம் முந்திக்கொள்வது. நீங்கள் கதையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்துபவர் அடுத்த படத்தைப் போட்டுவிட்டால், சிரிப்பு உங்கள் வாக்கியத்தின் நடுவில் விழும், மீதி யாருக்கும் கேட்காது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் ஒரு வெறும் கறுப்புப் பக்கத்தை வையுங்கள். கறுப்புத் திரையில் கதையைத் தொடங்கி, கடைசிச் சொல்லோடு படத்தை வரவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை சும்மா நில்லுங்கள். எழுதிவைத்த பேச்சில் படம் மாறும் இடத்தைச் சிவப்பு மையில் குறித்து, பொத்தானை அழுத்துபவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 45 வினாடி போதும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் வைத்தாலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது.

படத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் விடுவது பிறந்தநாளையே கெடுத்துவிடக்கூடிய தவறு. பழைய காதலி, பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன், சென்ற ஆண்டு காலமான தாயார் ஆகியோர் பத்தடி உயரத்தில் முன்னறிவிப்பின்றி எழுந்தால் நண்பரின் முகம் என்ன ஆகும்? மறைந்தவரைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ முன்பே கேட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட படம் கடைசியில் வரவும் கூடாது, அதற்குப் பிறகு யாராலும் உற்சாகமாகக் கிளாஸை உயர்த்த முடியாது. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தால் மனம் தேறுவதற்கு இடமிருக்கும்.

படங்களை நகலெடுப்பதில் இரண்டைச் சொன்னால் போதும். எழுபதுகள், எண்பதுகளின் வண்ணப் படங்களில் பசுநீலச் சாயம்தான் முதலில் மங்கும். அதனால் முகங்கள் செந்நிறமாகிக் கிடக்கும். வண்ணத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாம், முழுவதும் துடைத்துப் புதிதாக்கினால் அந்தக் காலமே போய்விடும். அந்நாளைய பசை ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தெடுக்காதீர்கள், கிழியும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாள் எளிதாக வந்தால் மட்டும் தூக்கிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், இருக்கிற இடத்திலேயே படமெடுங்கள். அக்கா வாட்ஸப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் தரம் குறைந்து திரையில் முகங்கள் மசமசவென்று தெரியும். மின்வெட்டு நம் ஊருக்குப் புதிதல்ல. ஐந்தையும் ஏ3 அளவில் அச்சடித்து மேடைக்குப் பின்னால் வைத்திருந்தால் திரை அணைந்தாலும் பேச்சு நிற்காது.

இனி கிளாஸ். “எல்லோரும் எழுந்து நில்லுங்கள்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு ஐந்து படமும் காட்டுபவர்கள் இருக்கிறார்கள், முழங்கால் வலிக்காரர்கள் அவர்களை மன்னிப்பதில்லை. கடைசிப் படத்துக்குப் பிறகுதான் எழச் சொல்ல வேண்டும், அதற்கு முன்பே எல்லா மேசையிலும் கிளாஸ் நிரம்பியிருக்க வேண்டும். பிறந்தநாள் புரட்டாசியில் வந்தாலோ, காவடி விரதத்தில் வந்தாலோ மதுவை வைத்துத் திட்டமிடாதீர்கள். மண்டபத்தில் பாதிப் பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். மாதுளைச் சாறோ ரோஸ் மில்க்கோ ஊற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. பிறந்தநாள்காரர் தனக்கான வாழ்த்துக்குத் தானே குடிப்பது முறையில்லை என்பதால், அவர் மட்டும் உட்கார்ந்திருக்கட்டும். நம் நாற்காலிக்காரருக்கு முடிவுரையும் அதிலேயே கிடைத்துவிடுகிறது: “நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். இன்றைக்கு நீ உட்கார்.” அதற்கு மேல் ஒரு வாக்கியமும் சேர்க்காமல் அவர் பெயரைச் சொல்லிக் கிளாஸை உயர்த்துங்கள்.