வைவாவுக்குக் கேள்விப் பட்டியல் போடும்போது செய்யும் தவறுகள்

முனைவர் பட்ட வைவா தேதி வந்ததும் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது ஒரு கோப்பு. "வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் ஐம்பது கேள்விகள்" என்று யாரோ எப்போதோ தொகுத்தது, சீனியர் கையிலிருந்து ஜூனியர் கைக்கு வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் ஆய்வின் புதுமை என்ன, ஏன் இந்தத் தலைப்பு, எதிர்கால ஆய்வுக்கு வழி என்ன என்று அதில் இருக்கும். எந்த ஆய்வேட்டுக்கும் பொருந்துகிற கேள்விக்கு எந்த ஆய்வேட்டுக்கும் பொருந்துகிற விடைதான் வரும். புறத்தேர்வாளர் அந்தக் கோப்பைப் படித்துவிட்டு வருவதில்லை. உங்கள் ஆய்வேட்டைப் படித்துவிட்டு வருகிறார்.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நெறியாளராக இருக்கிறேன். நான் உதவிய ஒரு மாணவியின் ஆய்வேட்டை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க எண்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். தலைப்பு: கன்னியாகுமரி மாவட்டத் தேனீ வளர்ப்போரின் கல்வியும் வருமானமும். களம் மார்த்தாண்டத்தைச் சுற்றி. ஐந்து இயல்கள்.

அவரும் அந்த ஐம்பது கேள்விகளோடுதான் வந்தார். "எல்லாத்துக்கும் விடை எழுதிட்டேன் சார்" என்றார். மூன்றாம் இயலைத் திறந்து ஒரு வாக்கியத்தைக் காட்டினேன்: "ஆய்வுக்கு 120 தேனீ வளர்ப்போர் தெரிவு செய்யப்பட்டனர்."

"யாரு தெரிவு செஞ்சா மக்களே?"

"நான்தான் சார்."

"எப்படி?"

அவரிடம் நல்ல விடை இருந்தது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியலில் 600 பெயர்கள். ஐந்தாம் பெயர், பத்தாம் பெயர் என்று ஐந்துக்கு ஒன்றாக எடுத்திருக்கிறார். ஆனால் இது ஆய்வேட்டில் எங்குமே இல்லை. 'செய்யப்பட்டனர்' என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தது.

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரு வேலை கொடுக்கிறேன். ஆய்வேட்டுக் கோப்பில் "பட்டது", "பட்டன", "பட்டனர்" என்று தேடுங்கள். 'எடுத்துக்கொள்ளப்பட்டது', 'நீக்கப்பட்டன', 'வகைப்படுத்தப்பட்டனர்' என்று எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் நீங்கள் ஒரு முடிவெடுத்து, எடுத்தவரை மறைத்திருக்கிறீர்கள். தேர்வாளரின் கேள்வி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிறக்கும். யார், எப்படி, ஏன், வேறு வழி இருந்ததா என்று அதனிடமே கேட்டால் பட்டியலில் பாதி தானாக நிரம்பிவிடும். அந்த மாணவிக்கு மூன்றாம் இயலில் மட்டும் பதினான்கு கேள்விகள் கிடைத்தன.

அடுத்த தவறு, விடையை நினைவிலிருந்து எழுதுவது. மூன்று ஆண்டு கூடவே கிடந்த ஆய்வு, நமக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. நமக்குத் தெரிந்தது ஒன்று, இயலில் அச்சாகியிருப்பது இன்னொன்று. மூன்றாம் இயலில் 120 பேர். நான்காம் இயல் அட்டவணைகளில் மொத்தம் 113. முழுமையாக நிரப்பாத ஏழு வினாநிரல்களை அவர் ஒதுக்கியிருந்தார். அது நியாயமானதுதான், ஆனால் எழுதவில்லை. நினைவிலிருந்து விடை எழுதியபோது எல்லா இடத்திலும் 120 என்றே எழுதி வைத்திருந்தார். அவையில் அப்படிச் சொல்லியிருந்தால், தேர்வாளர் அமைதியாக அட்டவணையைத் திருப்பிக் காட்டியிருப்பார். அதனால் ஒவ்வொரு விடையும் இயலைத் திறந்து வைத்து, பக்கத்தைப் பார்த்து எழுதப்பட வேண்டும். இயலில் விடை இல்லையென்றால் 'இயலில் இல்லை' என்றே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புள்ள கேள்விகளுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

விடையைப் பத்தி பத்தியாக எழுதி மனப்பாடம் செய்கிறவர்களும் உண்டு. கேள்வி ஒரு சொல் மாறி வந்தால் பாட்டு நின்றுவிடும். நான் கேள்விக்கு ஓர் அட்டை போடச் சொல்லி, அதில் மூன்றே வரி கேட்கிறேன்: விடை ஒரு வரி, அது இருக்கும் இடம் ஒரு வரி, அந்த விடை எதுவரை செல்லும் என்று ஒரு வரி. மேலே சொன்ன கேள்விக்கு அவருடைய அட்டை இப்படி வந்தது.

கேள்வி: 120 பேரை எப்படித் தெரிவு செய்தீர்கள்?
விடை: சங்க உறுப்பினர் பட்டியலில் 600 பேர், ஐந்துக்கு ஒருவர், முழுமையற்ற 7 படிவங்கள் போக 113.
இடம்: இயல் 3, பக். 71 (120 மட்டும்); இயல் 4, முதல் அட்டவணை (113). ஐந்துக்கு ஒன்று என்பது இயலில் இல்லை.
எல்லை: சங்கத்தில் சேராத தேனீ வளர்ப்போர் இதில் இல்லை.

கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதை எழுதிய பிறகுதான் அவருக்கே ஒன்று உறைத்தது. தலைப்பில் இருப்பது 'மாவட்டத் தேனீ வளர்ப்போர்'. தரவில் இருப்பது சங்க உறுப்பினர்கள். அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். 'முடிவுகள் உறுப்பினர்களுக்கே பொருந்தும். மற்றவர்களுக்கு நீட்டிச் சொல்ல என்னிடம் தரவு இல்லை' என்பது அதற்கான விடை. இதைத் தேர்வாளர் பிடுங்குவதற்கு முன் நாமே சொன்னால் அது ஆய்வின் வரம்பு. அவர் பிடுங்கிய பிறகு சொன்னால் குறை.

இனி நான்காம் இயல். நம் சமூக அறிவியல் ஆய்வேடுகளில் பலமுறை நான் பார்த்த ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. கல்விக்கும் வருமானத்துக்கும் தொடர்பு உண்டா என்று கை-வர்க்கச் சோதனை செய்திருந்தார். கல்வி ஐந்து நிலை, வருமானம் நான்கு நிலை, ஆக இருபது கட்டங்கள். 113 பேரை இருபது கட்டங்களில் பரப்பினால் கட்டத்துக்கு ஆறு பேர்கூட இல்லை. அவர் பட்டியலில் எழுதியிருந்த கேள்வி, "கை-வர்க்கச் சோதனை என்றால் என்ன?" அதற்குப் பாடநூல் விளக்கம் ஒரு பக்கம். தேர்வாளர் அதைக் கேட்கலாம். ஆனால் விவரம் தெரிந்தவர் கேட்பது வேறு. SPSS மென்பொருள் அந்த அட்டவணைக்குக் கீழே தானே ஒரு குறிப்பை அச்சிடும். மாணவி அட்டவணையை ஆய்வேட்டுக்கு எடுத்து வந்தபோது அதை விட்டுவிட்டிருந்தார். பழைய கோப்பைத் திறந்து பார்த்தோம்.

```
a. 11 cells (55.0%) have expected count less than 5.
   The minimum expected count is 1.04.
```

கல்விக்கும் வருமானத்துக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் குறிப்பு expected count என்று சொல்லும் எதிர்பார்ப்பு எண்ணிக்கை. நிரை மொத்தத்தையும் நிரல் மொத்தத்தையும் பெருக்கி, மொத்தப் பேரால் வகுத்தால் கிடைக்கும். பட்டதாரிகள் 9 பேர், உயர்ந்த வருமானப் பிரிவில் 13 பேர்; 9 × 13 ÷ 113 = 1.04. ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கட்டங்களில் இந்த எண் 5-க்குக் குறைந்தால் சோதனையின் முடிவை நம்பக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. இங்கே பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

என்ன செய்வது? ஒப்படைத்த ஆய்வேட்டை மாற்ற முடியாது. ஆனால் கணக்கைத் திரும்பப் போடலாம். மேல்நிலை, பட்டயம், பட்டம் மூன்றையும் ஒன்றாக்கிக் கல்வியை மூன்று நிலையாகவும், மேலிருந்த இரண்டு வருமானப் பிரிவுகளைச் சேர்த்து மூன்றாகவும் ஆக்கினோம். ஒன்பது கட்டங்கள், மிகச் சிறிய எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஏறத்தாழ 9. தொடர்பு இன்னும் இருந்தது, முன்பு தெரிந்த அளவு வலுவாக இல்லை. இரண்டு முடிவுகளையும் அட்டையில் எழுதச் சொன்னேன். எந்த அடிப்படையில் சேர்த்தீர்கள் என்ற துணைக்கேள்வியும் வரும். 'பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள்' என்று பொருளோடு சேர்த்தோம் என்பது விடை. நமக்குச் சாதகமான எண் வரும்வரை சேர்த்துச் சேர்த்துப் பார்த்திருந்தால், அதற்கு நேர்மையான விடை இருக்காது. இப்படித் திரும்பக் கணக்கிட்டதை உங்கள் நெறியாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அவையில் நெறியாளர் முதல்முறையாக அதைக் கேட்டு முகம் சுளிப்பதை விடச் சங்கடம் வேறில்லை.

புள்ளியியலுக்குப் பயந்து அதிலேயே மூழ்கிவிடுவதும் நடக்கிறது. ஊர் விவரம் நமக்குத் தெரிந்ததுதானே என்று முதல் இயலைத் தொடுவதே இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவருக்குப் புதிதாகத் தெரிவது அந்த இயல்தான். இவருடைய முதல் இயலில் 'ரப்பர்ப் பூத்தேன்' என்று இருந்தது. நம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பரிலிருந்து வருவது உண்மை. ஆனால் தேனீ அதைப் பூவில் எடுப்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்ந்து துளிர்க்கும்போது, இலைக்காம்பும் மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பை எடுக்கிறது. தேன்பெட்டி வைத்திருக்கும் எந்தப் பெரியவரும் இதைச் சொல்வார். தேனீ வளர்ப்போரைப் பற்றிய ஆய்வேட்டில் தவறாக இருந்தால், களத்துக்குப் போனாரா என்ற சந்தேகமே வந்துவிடும்.

அதே இயலில் இன்னொன்று. மாவட்டத்தில் ஆறு வட்டங்கள் என்று எழுதி, பக்கத்திலேயே 2011 மக்கள்தொகைக் கணக்கை வட்டவாரியாகப் போட்டிருந்தார். அந்தக் கணக்கெடுப்பின்போது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என நான்குதான். கிள்ளியூரும் திருவட்டாறும் பின்னால் பிரிந்தவை. மார்த்தாண்டம் இருக்கும் விளவங்கோட்டின் பழைய எண்ணைப் புதிய எல்லைக்கு வைத்துப் பேசினால் பொருந்தாது. இதற்கும் ஓர் அட்டை வேண்டும்.

தேர்வாளர்களின் அறிக்கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி நெறியாளரோடு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவராவது வாய்மொழித் தேர்வுக் குழுவில் இருப்பார். அறிக்கையில் அவர்கள் எழுதிய ஐயங்கள்தான் உறுதியாக வரப்போகும் கேள்விகள். இருந்தும் அதைப் பாராட்டுரை போல ஒருமுறை படித்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். வராத தேர்வாளரின் ஐயங்களுக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கும். எனவே பட்டியலின் முதல் அட்டைகள் அறிக்கையிலிருந்தே தொடங்கட்டும். 'இயல் இரண்டில் முந்தைய ஆய்வுகள் தொகுக்கப்பட்டுள்ளன, ஒப்பிடப்படவில்லை' என்று ஒரு வரி இருந்தால் அதை 'எந்த இரண்டு ஆய்வுகளோடு உங்கள் முடிவு முரண்படுகிறது?' என்று கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். அவையில் அந்த வடிவில்தான் வரும்.

எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். இந்த மாணவிக்கு முதலில் எழுபதுக்கு மேல் வந்தது. ஒரே விடைக்குப் போகும் கேள்விகளைச் சேர்த்து முப்பதாக்கினோம். ஒத்திகைக்கு நம் துறைக்காரர்களையே கூப்பிட்டால் பாதிக் கேள்வியை அவர்களே விழுங்கிவிடுவார்கள். அவர் வரலாற்றுத் துறைத் தோழி ஒருவரிடம் அட்டைகளைக் கொடுத்து, வரிசை கலைத்துக் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு விடைக்கும் பிறகு 'ஏன்?' என்று ஒருமுறை மட்டும் கேட்கும்படி சொல்லியிருந்தார்.

பக்க எண்ணில் ஒரு சிறு கவனம் தேவை. கணினியிலுள்ள கோப்பில் பிறகு பிழை திருத்தியிருப்பீர்கள், பக்கங்கள் நகர்ந்திருக்கும். தேர்வாளர் கையில் இருப்பது நீங்கள் ஒப்படைத்த படி. அட்டையில் 71 என்று எழுதிவிட்டு அவர் புத்தகத்தில் 69-ல் தேட வைக்கக் கூடாது. கட்டு போட்ட படியை மடியில் வைத்துக்கொண்டு எண்களைக் குறியுங்கள். அதே படியில் தாள் ஒட்டி, அதையே அவைக்கும் எடுத்துச் செல்லுங்கள்.