நைட் ஷிப்ட்ல கூட வேலை பாக்குறவர் குடிச்சிருக்காருன்னு தோணினா நாம பண்ற தப்புகள்

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி மில்லுல நான் பிட்டரா இருக்கேன், பதினோரு வருஷம் ஆச்சு. புழுங்கல் அரிசிக்கு நெல் அவிக்கிற மில்லு, உமி போட்டு எரிக்கிற பாய்லர். தை மாசம் சம்பா அறுப்பு வந்துட்டா மூணு ஷிப்டும் ஓடும், யாருக்கும் சரியா தூக்கம் இருக்காது, அந்த நேரத்துல தான் இந்த பிரச்சனையும் தலை தூக்கும். டூட்டில குடிக்கிறவரைப் பத்தி எப்படி சொல்றதுன்னு யாரும் எங்களுக்கு சொல்லித் தரல, நான் தப்பா பண்ணி ஒருத்தர் மனசை நோகடிச்ச பிறகு தான் கத்துக்கிட்டேன். அதை முதல்ல சொல்லிடுறேன்.

டிரையர்ல வேலை பாத்த ஒரு அண்ணன். ஒருநாள் ராத்திரி பதினொன்றரை இருக்கும், கால் தள்ளாடுது, பேச்சு குழறுது, சட்டையெல்லாம் வேர்வை, என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுறாரு. நாங்க நாலு பேர் சேர்ந்து "ஃபுல் போதையில டூட்டிக்கு வந்திருக்கார், எப்பவும் இப்படித்தான்"னு எழுதி கையெழுத்து போட்டு மேனேஜர்கிட்ட குடுத்துட்டோம். நாலு பேர்ல அவரை நேர்ல பாத்தது ரெண்டே பேர். கொஞ்ச நேரத்துல அவர் மயங்கிட்டாரு, ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனா சுகர் ரொம்ப இறங்கியிருக்கு, இன்சுலின் போட்டுட்டு வேலை நெருக்கடியில சாப்பிடாம வந்துட்டாரு. வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்லையாம் அவரு. அந்த பேப்பர்ல என் கையெழுத்து தான் முதல்ல இருந்துச்சு.

அதனால முதல் தப்பு, கண்ணால பாத்ததை விட்டுட்டு நாம முடிவு பண்ணினதை எழுதுறது. "குடிச்சிருந்தார்"ங்கிறது முடிவு. தள்ளாடினார், பேச்சு குழறுச்சு, ரெண்டு தடவ கேட்டும் பதில் சம்பந்தம் இல்லாம வந்துச்சு, இதெல்லாம் தான் பாத்தது. தள்ளாட்டமும் குழறலும் சுகர் இறங்கினாலும் வரும், பக்கவாதம் ஆரம்பிக்கிறப்பவும் வரும், சளி மாத்திரையோ இருமல் மருந்தோ போட்டவருக்கு தூக்கக் கலக்கத்துலயும் வரும். சுகர் ரொம்ப ஏறிப் போய் உடம்பு கெட்டவங்க மூச்சுல பழ வாசனை மாதிரி ஒண்ணு அடிக்கும், அதை சாராய வாடைன்னு நினைச்சுக்கிறவங்க நிறைய பேர். தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா மறுநாள் கை நடுங்கி வேர்த்துக் கொட்டும், சிலருக்கு வலிப்பே வரும், அன்னைக்கு அவர் குடிக்கவே இல்லைங்கிறது தான் உண்மையா இருக்கும். அப்போ முதல்ல பண்ண வேண்டியது உடம்பு சரியில்லாத ஆளா நினைச்சுப் பாக்குறது. சுகர் இருக்கா, சாப்பிட்டாரான்னு கேளுங்க, முழிச்சிருந்து முழுங்க முடியுற நிலையில இருந்தா சக்கரைத் தண்ணி குடுங்க, முகம் ஒரு பக்கம் கோணினாலோ கூப்பிட்டா முழிக்கலைன்னாலோ உடனே 108. குடிச்சாரா இல்லையான்னு ஆராய்ச்சி பண்றதெல்லாம் அப்புறம்.

ரெண்டாவது தப்பு இதுக்கு நேர் எதிர், பாவம்னு மூடி மறைக்கிறது. போன வருஷம் தை கடைசியில நடந்ததை சொன்னா புரியும். எங்க பாய்லர் அட்டெண்டர் நல்ல வேலைக்காரர், சர்டிபிகேட் வச்சிருக்கிறவர், எனக்கு கைத்தொழில் சொல்லிக் குடுத்த மனுஷன். ராத்திரி ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்டீம் லைன்ல லீக்னு நான் பாய்லர் பக்கம் போனேன். பாய்லர் உள்ள தண்ணி மட்டத்தைக் காட்டுற கேஜ் கிளாஸ்ல தண்ணி பாதிக்கு நிக்கணும், அன்னைக்கு அடியில ரெண்டு விரல் அளவு தான் இருந்துச்சு. பாய்லருக்கு தண்ணி ஏத்துற ஃபீட் பம்ப் ஓடல. அவர் கிளாஸைப் பாக்காம உமியைத் தள்ளிக்கிட்டே இருக்காரு. தண்ணி கம்மியா இருக்குண்ணேன்னு சொன்னேன், "சரியாத்தான் இருக்கு"ன்னாரு, கிளாஸ் பக்கம் திரும்பவே இல்ல. பக்கத்துல போனப்ப வாடை வந்துச்சு.

பாய்லர் தெரியாதவங்களுக்காக சொல்றேன், தண்ணி இறங்கி கிளாஸ்ல தெரியாமலே போயிட்டா உள்ள இருக்கிற இரும்பு தண்ணி இல்லாம காஞ்சு பழுத்துடும், அப்போ பதட்டத்துல பம்ப்பை போட்டு குளிர் தண்ணியை உள்ள விட்டா வெடிக்கவே வாய்ப்பு இருக்கு. தண்ணி தெரியலைன்னா உமியை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, தண்ணி விடாம ஆற விடணும். அன்னைக்கு தண்ணி கிளாஸ்ல இன்னும் தெரிஞ்சதால தப்பிச்சோம். உமி தள்ளுறதை நிறுத்தச் சொல்லிட்டு சூப்பர்வைசருக்கு போன் போட்டேன், பக்கத்து தெருவுல இருந்த பகல் ஷிப்ட் அட்டெண்டர் பத்து நிமிஷத்துல வந்து பாய்லரை கையில எடுத்தாரு. சர்டிபிகேட் இல்லாத நான் வால்வைத் தொட்டிருந்தா அது இன்னொரு தப்பு. அவருக்கு பதிலா நானே விடிய விடிய பாத்துக்கிறேன்னு உக்காந்திருந்தாலும் தப்பு தான், நிறைய மில்லுல அப்படித்தான் நடக்குது, ஒரு நல்ல மனசுல ஆரம்பிச்சு தெரியாத கையில பாய்லர் நிக்குது.

"சாயங்காலம் ஒரு குவாட்டர் தாண்டா, எட்டு மணிக்கே முடிச்சிட்டேன், இப்ப ஒண்ணும் இல்ல"ன்னு அவர் சொன்னாரு. அவர் பொய் சொல்லல, கணக்கு தான் தெரியல. குவாட்டர்னா 180 மில்லி, அதுல ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். அறுபத்தஞ்சு கிலோ ஆளுக்கு அது ரத்தத்துல 100 மில்லிக்கு 130 மில்லிகிராம் பக்கம் போகும், உடம்பு அதை மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் தான் குறைக்கும், மோர் குடிச்சாலும் தலைக்கு தண்ணி ஊத்தினாலும் வேகமா இறங்காது. ஆறு மணி நேரம் கழிச்சு, அதாவது ராத்திரி ரெண்டு மணிக்கு, நாப்பது அம்பது பாக்கி இருக்கும். ரோட்ல வண்டி ஓட்ட சட்டம் வச்சிருக்கிற அளவே 30 தான். ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்கு சாப்பாடு மாறும், அதனால இந்தக் கணக்கை வச்சு ஒருத்தர் மேல குத்தம் சொல்லக் கூடாது, ஆனா "எப்பவோ குடிச்சது"ங்கிற பேச்சை நம்பி பாய்லர்ல நிக்க விடவும் கூடாது.

இன்னொரு தப்பும் அந்த ராத்திரி நடக்கப் பாத்துச்சு. சூப்பர்வைசர் கோவத்துல "வீட்டுக்குப் போய்யா"ன்னுட்டாரு, அவர் பைக் சாவியைத் தேடுறாரு. எங்க மில்லுலேர்ந்து அவர் ஊருக்கு பாமணியாத்தங்கரை ரோடு, தடுப்பும் கிடையாது, லைட்டும் கிடையாது. பாய்லர் முன்னாடி நிக்கத் தகுதி இல்லைன்னு அனுப்புற ஆளை பைக்ல அனுப்புறதுல என்ன நியாயம் இருக்கு? சாவியை வாங்கி வச்சுட்டு லோடு வண்டில அவர் மச்சானோட அனுப்பினோம். அதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்க ஜி.ஹெச் போலாமான்னு சூப்பர்வைசர் கேட்டாரு, அவர் வேணாம்னுட்டாரு. கையைப் பிடிச்சு இழுத்துட்டு போக நமக்கு அதிகாரம் இல்ல. வரலைன்னு சொன்னதை மட்டும் எழுதினா போதும், "பயந்து மறுத்தார்"னு நாம சேக்கக் கூடாது. ஊதுற மெஷின் வச்சிருக்கிற இடத்துலயும் ஒரு விஷயம் இருக்கு, ஆல்கஹால் கலந்த மவுத் வாஷோ மருந்தோ இப்பதான் வாயில போட்டிருந்தா அளவை தப்பா கூடுதலா காட்டும், பதினஞ்சு நிமிஷம் காத்திருந்து அப்புறம் ஊதச் சொல்லணும்.

விடியுறதுக்குள்ள எழுதிடுங்க, இது ரொம்ப முக்கியம். மூணு நாள் கழிச்சு எழுதினா டீக்கடையில கேட்டதும் நாம பாத்ததும் கலந்துடும். நான் ஷிப்ட் முடியுறதுக்குள்ள எழுதினது ஏறக்குறைய இப்படி இருந்துச்சு:

"இரவு 2.10க்கு பாய்லர் பகுதிக்குச் சென்றேன். கேஜ் கிளாஸில் தண்ணீர் அடியில் சுமார் இரண்டு விரல் அளவு இருந்தது. ஃபீட் பம்ப் ஓடவில்லை. அட்டெண்டர் உமி போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் குறைவு என்று சொன்னேன், 'சரியாத்தான் இருக்கு' என்றார், கிளாஸைப் பார்க்கவில்லை. இரண்டு அடி தூரத்தில் மது வாடை போல் உணர்ந்தேன். நடை தள்ளாடவில்லை. 2.14க்கு சூப்பர்வைசருக்கு போன் செய்தேன். சாயங்காலம் குவாட்டர் குடித்ததாக சூப்பர்வைசர் முன் அவரே சொன்னார். அவர் குடித்ததை நான் பார்க்கவில்லை."

"நடை தள்ளாடவில்லை", "நான் பார்க்கவில்லை" இந்த ரெண்டு வரியையும் எதுக்கு எழுதினேன்னு ஒரு தம்பி கேட்டான். அது உண்மை, அவருக்கு சாதகமான உண்மை, அதை விட்டா நான் எழுதினது ஒருதலைப்பட்சம். பழகின குடிகாரர் தள்ளாட மாட்டார்ங்கிறது வேற விஷயம், அதை முடிவு பண்றது என் வேலை இல்ல. வாடையை மட்டும் பெருசு பண்ணலைங்கிறதையும் கவனிங்க. வாடை எவ்வளவு குடிச்சாருன்னு சொல்லாது, ஆனா இறங்கின தண்ணியும் நின்ன பம்ப்பும் வேலை எப்படி நடந்துச்சுன்னு சொல்லிடும், அவர் குடிக்கவே இல்லைன்னு வச்சுக்கிட்டாலும் அந்த ரெண்டும் ஆபத்து தான்.

விசாரணை நடந்தப்ப இதோட அருமை தெரிஞ்சது. குத்தச்சாட்டு குடுத்து, அவரும் அவர் சார்பா ஒருத்தரும் என்னை குறுக்கே கேள்வி கேட்டாங்க. போன தடவ அரியர்ஸ் விஷயத்துல அவரோட சண்டை போட்டியேன்னு கேட்டாங்க, ஆமா போட்டேன்னேன். அதுக்கும் இதுக்கும் ஒரு வார்த்தை கூட ஒட்டல, ஏன்னா பழைய கதை எதையும் எழுதல. "எப்பவும் இப்படித்தான்"னு ஒரு வரி எழுதியிருந்தா, என்னைக்கு, எந்தத் தேதின்னு கேட்டு மொத்த பேப்பரையும் உடைச்சிருப்பாங்க. பாக்காதவங்க கையெழுத்தும் அப்படித்தான், பத்து கையெழுத்து இருந்தா பலம்னு நினைப்போம், ஒருத்தர் "நான் அப்ப தூங்கிட்டு இருந்தேன்"னு சொன்னதும் நிஜமா பாத்தவர் வார்த்தையும் சேர்ந்து போயிடும்.

வீடியோ எடுத்து மில்லு குரூப்ல போடுறதைப் பத்தியும் சொல்லணும், எனக்கு வயித்தெரிச்சல் அது. எங்க மில்லுல ஒரு பையன் எடுத்தான், மறுநாள் காலையில வீடியோல இருந்தவரோட பொண்ணு போனுக்கு போயிடுச்சு, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. கேஜ் கிளாஸை போட்டோ எடுங்க, மணியோட இருக்கும், அது தான் தேவை. மனுஷன் மூஞ்சி எதுக்கு? அதேமாதிரி லாக் புக்ல அவர் எழுதாம விட்ட நேரத்தை நாம ரொப்பாதீங்க, வெறுமையா இருக்கிறதே ஒரு தகவல்.

யார்கிட்ட குடுக்குறதுங்கிறதுலயும் தடுமாற்றம் வரும். சூப்பர்வைசர், மேனேஜர், காப்பி ஒண்ணு நம்ம கையில, வாங்கிக்கிட்டதுக்கு கையெழுத்தும் தேதியும். அங்க மூடி மறைச்சு மறுநாள் ராத்திரி அவரையே பாய்லர்ல நிறுத்தினா, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் கொதிகலன்கள் இயக்ககமும் இருக்கு, அதே பேப்பரை அதே வார்த்தைகளோட அங்க அனுப்பலாம், கோவத்துல புதுசா ஒரு வரி கூட்ட வேண்டாம்.

எங்க மில்லுல அவரை ரெண்டு மாசம் உமி குடோனுக்கு மாத்தினாங்க, சம்பளம் குறைக்கல. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல சேந்து மாத்திரை எடுத்தாரு, அங்க போறதுக்கு முன்னாடி அவர் சம்சாரம் போதைப் பழக்கத்தை விட உதவுற 14446ங்கிற இலவச நம்பர்ல பேசி விசாரிச்சாங்க. தானா ஒரே நாள்ல நிறுத்தறேன்னு அவர் கிளம்பினப்ப டாக்டர் தான் தடுத்தாரு, வலிப்பு வரும்னு. பங்குனி கடைசியில திரும்ப பாய்லருக்கு வந்தாரு. முதல் நாள் ராத்திரி நான் அந்தப் பக்கம் போனப்ப, கேட்காமலே டார்ச்சை கேஜ் கிளாஸ் மேல அடிச்சுக் காட்டினாரு, பாதிக்கு நின்னுச்சு.