விமானச் சீட்டில் குடும்பப்பெயர்ப் பிழை: மின்னஞ்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் ஒரு திருமணம் முடிந்து கோலாலம்பூரில் விருந்து என்றால், திருச்சியிலிருந்து புறப்படும் விமானத்துக்குச் சீட்டு எடுத்து அனுப்புபவர் பல வேளைகளில் அங்கே குடியிருக்கும் உறவினராகவே இருப்பார். சுப்பையா என்ற பெயரை மலேசியாவில் SUPPIAH என்று எழுதுவது வெகுநாள் வழக்கம். இங்குள்ளவரின் கடவுச்சீட்டில், குடும்பப்பெயருக்கான இடத்தில் தந்தை பெயராக SUBBIAH என்று இருக்கும். உறவினர் தம் கைப்பழக்கத்தில் தட்டச்சு செய்துவிட, மீனாட்சி என்பவரின் சீட்டு SUPPIAH/MEENAKSHI MS என்று வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இதில் பிழை எது, பிழை அல்லாதது எது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். குடும்பப்பெயர் முன்னால் வருவதும், சாய்கோட்டுக்குப் பின் சொந்தப் பெயர் வருவதும், MS என்பது இடைவெளியின்றிப் பெயரோடு ஒட்டி MEENAKSHIMS என அச்சாவதும் முன்பதிவு முறையின் வழக்கம். இவற்றையும் பிழை என்று மின்னஞ்சலில் அடுக்கினால், படிப்பவருக்கு உண்மையான இரண்டு எழுத்துப் பிழை கண்ணில் படாமல் போகும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ‘பெயர் மாற்றம் வேண்டும்’ என்று எழுதுவது. விமானச் சீட்டை இன்னொருவருக்கு மாற்றித்தர முடியாது என்பதே நிறுவனங்களின் பொதுவான நிபந்தனை. ஆகவே அந்தச் சொல்லைக் கண்டதும், வேறு ஆளை அனுப்பப் பார்க்கிறார்கள் என்று எண்ணி மறுத்துவிட இடமுண்டு. கேட்க வேண்டியது எழுத்துப்பிழைத் திருத்தம். பயணி அதே நபர்தான், பிறந்த தேதியும் கடவுச்சீட்டு எண்ணும் மாறவில்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, பிழையையும் திருத்தத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய எழுத்தில் காட்டுவது நல்லது:

```
SUPPIAH/MEENAKSHI
SUBBIAH/MEENAKSHI
```

முதல் வரி சீட்டில் உள்ளது, இரண்டாவது கடவுச்சீட்டில் உள்ளது, மூன்றாவது நான்காவது எழுத்துகள் மட்டுமே வேறு என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும். தலைப்பு வரியில் ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடும் பயணத் தேதியும் இருக்கட்டும். பதின்மூன்று இலக்கச் சீட்டு எண்ணை உள்ளே தரலாம். மலேசிய எழுத்து வழக்கத்தைப் பற்றிய விளக்கம் அவர்களுக்குத் தேவையில்லை.

அடுத்த தவறு, யார் எழுதுகிறார் என்பதில் நேர்கிறது. முன்பதிவில் பதிந்திருப்பது கோலாலம்பூர் உறவினரின் மின்னஞ்சல் முகவரி; காரைக்குடியிலிருந்து மீனாட்சி தம் முகவரியிலிருந்து எழுதினால், தொடர்பில்லாதவர் கேட்கிறார் என்று கோரிக்கை நின்றுபோகலாம். உறவினரே தம் முகவரியிலிருந்து அனுப்பி, மீனாட்சிக்கு நகல் போடுவதே முறை. சீட்டை முகவர் வழியாக எடுத்திருந்தால், நிறுவனம் பெரும்பாலும் ‘முகவரையே அணுகுங்கள்’ என்று திருப்பி அனுப்பும். அங்கே தொடங்கினால் ஒரு நாள் மிச்சம்.

கையொப்பத்திலும் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கிடும். திருமண அழைப்பிதழில் போடுவதுபோல் விலாச எழுத்துகளையும் ‘ஆச்சி’யையும் சேர்த்துக் கையெழுத்திட்டால், ஒரே மின்னஞ்சலில் ஒருவருக்கு மூன்று பெயர் ஆகிவிடும். கடவுச்சீட்டில் உள்ளபடி மட்டும் எழுதுங்கள். இணைப்பாகப் புகைப்படமும் பெயரும் உள்ள பக்கம் போதும். முகவரி உள்ள கடைசிப் பக்கத்தையோ, பணம் கட்டிய அட்டையின் படத்தையோ யாரும் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

பதில் வரும்வரை இணையவழிச் செக்-இன் செய்யக் கூடாது. செய்துவிட்டால், அதை நீக்கிய பிறகுதான் சீட்டில் கைவைக்க முடியும் என்பார்கள். பதற்றத்தில் சீட்டை ரத்து செய்து புதிதாக எடுப்பதும் வீண் செலவு. நேரமும் முக்கியம்: இந்தியாவில் நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாக எடுத்த சீட்டில், 24 மணி நேரத்துக்குள் பிழையைச் சுட்டிக்காட்டினால், அதே நபரின் பெயர்த் திருத்தத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. அதன் பிறகு கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வழியில் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் மாறி ஏற வேண்டியிருந்தால், அந்தப் பகுதியையும் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒன்றில் திருத்தியது மற்றதில் தானாக ஏறும் என்று நம்ப முடியாது.

‘திருத்திவிட்டோம்’ என்ற பதிலோடு நின்றுவிடுவதும் தவறுதான். முன்பதிவுப் பதிவும் மின்சீட்டும் இரண்டு தனித்தனி ஆவணங்கள். முன்பதிவில் SUBBIAH என்று மாறியும் சீட்டு SUPPIAH ஆகவே கிடக்கக்கூடும். அந்த முரண் செக்-இன் மேசையில்தான் வெளிப்படும். ஆகவே திருத்திய மின்சீட்டை அனுப்பும்படி அதே மின்னஞ்சலிலேயே கேட்டு வையுங்கள். வந்ததும் போகும் பகுதி, திரும்பும் பகுதி இரண்டிலும் பெயரைப் பார்த்து, சீட்டு எண் மாறியிருந்தால் புதிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு இரண்டு மூன்று நாளே இருந்தால், மின்னஞ்சலை அனுப்பிய கையோடு தொலைபேசியில் அழைத்து, கோரிக்கை எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.